வரப்புக்குள் நிற்கும் சொல்

வியட்நாமிய அரசியல் உரைகளிலும் நாளிதழ்களிலும் அடிக்கடி காணக் கிடைக்கும் ஒரு தொடர் உண்டு. ‘நாங்கள் டா, டாங், ஸே கட்டு பாலம்’ என்ற அமைப்பில் இருக்கும். கட்டு என்ற வினை ஒரே முறைதான் வருகிறது. அதற்கு முன்னால் மூன்று சின்னச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் வினையை மூன்று முறை வெவ்வேறு உருவில் எழுத வேண்டும்: ஹேவ் பில்ட், ஆர் பில்டிங், வில் பில்ட். தமிழிலும் அப்படித்தான்: கட்டினோம், கட்டுகிறோம், கட்டுவோம். பார்த்ததும் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடும். டா இறந்தகாலம், டாங் நிகழ்காலம், ஸே எதிர்காலம். வியட்நாமியப் பள்ளிப் பிள்ளைகள் பலரும் இப்படித்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அயலாருக்கான தொடக்கப் பாடங்களும் இப்படித்தான் சொல்லித்தருகின்றன.

இந்த வரிசையை நம்பிக்கொண்டு ஒரு பக்கம் வியட்நாமிய உரைநடையை மொழிபெயர்க்க உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே கை தடுக்கும். தடுக்கிவிடுவது பெரும்பாலும் நடுவில் நிற்கும் டாங் தான். இறந்தகாலக் கதையில் அது வரும். நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றிய பேச்சிலும் வரும். வினையே இல்லாத இடத்தில், ஒரு பருவத்தின் பெயருக்கு முன்னால் கூட வந்து நிற்கும். நிகழ்காலம் என்ற பெயர்ப்பலகையைச் சுமக்க அது மறுக்கிறது.

மேலே போவதற்கு முன் ஒரு ஏற்பாடு. வியட்நாமிய மொழியில் வினைச்சொல் எந்த நிலையிலும் உருமாறாது. காலம் காட்டும் விகுதியும் இல்லை, நான், நீ, அவர்கள் என்று ஆளைக் காட்டும் விகுதியும் இல்லை. அந்த மொழியின் வெறுமையை உணர்த்துவதற்காக, எடுத்துக்காட்டுகளில் தமிழ் வேர்ச்சொற்களை விகுதி எதுவும் இல்லாமல், வியட்நாமிய வரிசையிலேயே வைக்கிறேன். டாங், டா, ஸே ஆகிய மூன்றை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். முதலிரண்டின் முதலெழுத்தைப் ‘பண்டம்’ என்பதில் வரும் டகரம்போல மெத்தென்று ஒலிக்க வேண்டும். டாங் சமதளமான தொனியில் போகும். டா, ஸே இரண்டும் வடக்கு உச்சரிப்பில் தொண்டையில் ஒருமுறை உடைந்து மேலேறும்.

முதலில் ஒரு சோதனை. ‘மூன்று மணி, அம்மா டாங் உறங்கு, அப்பா டா போ.’ இதன் முன்னால் ‘நேற்று’ என்று ஒரு சொல்லைச் சேர்ப்போம். ஆங்கிலத்தில் அம்மா ‘வாஸ் ஸ்லீப்பிங்’. அப்பா ‘ஹேட் கான்’. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு ‘இப்போது’ என்று வைத்தால் அம்மா ‘இஸ் ஸ்லீப்பிங்’, அப்பா ‘ஹேஸ் கான்’. ‘நாளை’ என்று வைத்தால் அம்மா ‘வில் பி ஸ்லீப்பிங்’, அப்பா ‘வில் ஹேவ் கான்’. ஆங்கிலத்தில் ஆறு வடிவங்கள் மாறி மாறி வந்துவிட்டன. வியட்நாமிய வாக்கியத்தில் டாங்கும் டாவும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. காலத்தைச் சொன்னது நேற்று, இப்போது, நாளை என்ற சொற்கள். அம்மாவின் உறக்கம் நடுவில் இருக்கிறது, அப்பாவின் புறப்பாடு முடிந்துவிட்டது என்பதைத்தான் டாங்கும் டாவும் சொன்னன.

தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகப் படவேண்டியதில்லை. உறங்கிக்கொண்டிருந்தாள், உறங்கிக்கொண்டிருக்கிறாள், உறங்கிக்கொண்டிருப்பாள். மூன்றிலும் மாறாமல் நிற்கும் ‘கொண்டிரு’ என்ற பகுதியை மட்டும் தனியே பெயர்த்தெடுத்தால் அது ஏறத்தாழ டாங். ஆனால் தமிழில் கொண்டிருவோடு நிறுத்திவிட முடியாது. ஒரு காலத்தை ஒட்டியே தீரவேண்டும். வியட்நாமியத்தில் நிறுத்தலாம். மொழிபெயர்ப்பவருக்கான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. மூலத்தில் இல்லாத ஒரு தகவலை ஆங்கிலம் ஒவ்வொரு வினையிலும் கட்டாயமாகக் கேட்கிறது. அதை டாங்கிடம் கேட்டால் கிடைக்காது. அக்கம்பக்கத்திலிருந்துதான் திரட்ட வேண்டும்.

இந்த மூன்று சொற்களும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வரப்பைப் பார்க்கின்றன என்று சொல்லலாம். ஒரு செயலையோ நிலையையோ ஒரு வயலாக வைத்துக்கொள்வோம். டாங் என்றால் வயலுக்குள் நிற்கிறோம். நுழைந்த வரப்பு பின்னால், வெளியேறும் வரப்பு முன்னால். டா என்றால் ஒரு வரப்பைத் தாண்டியாயிற்று. ஸே என்றால் வரப்பு இன்னும் எதிரே கிடக்கிறது. எந்த நாளில் நின்று இதையெல்லாம் பார்க்கிறோம் என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு சொற்கள் பதில் சொல்லும், அல்லது சூழல் சொல்லும்.

டாங்கை ‘நடந்துகொண்டிருக்கும் செயலுக்கான குறி’ என்று அகராதிகள் தருவது தவறில்லை, போதாது, அவ்வளவுதான். ‘நான் டாங் பசி’ என்று ஒருவர் சொல்கிறார். பசி ஒரு செயல் இல்லை. ஆங்கிலத்தில் இதை ‘ஐ ஆம் ஹங்க்ரி’ என்றுதான் சொல்ல முடியும். நடுவில் ‘பீயிங்’ என்று ஒரு சொல்லை நுழைத்தால் வாக்கியம் கெட்டுவிடும். வியட்நாமிய மாணவர்கள் ஆங்கிலம் எழுதும்போது டாங் கண்ட இடமெல்லாம் ‘இங்’ போட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். ‘அவள் டாங் இரு ஹுவே’ என்றால் அவள் தற்போது ஹுவே நகரில் இருக்கிறாள். ‘அவள் டாங் ஆகு மாணவி’ என்றால் இந்த நாட்களில் அவள் மாணவி. டாங்கை எடுத்துவிட்டு ‘அவள் ஆகு மாணவி’ என்று சொன்னாலும் இலக்கணம் நிறைவுதான்; ஆனால் அது அவள் யார் என்று சொல்லும் வாக்கியம். டாங் சேர்ந்ததும், இதற்கு ஒரு முடிவு உண்டு, படிப்பு முடியும், பிறகு அவள் வேறொன்றாவாள் என்ற குறிப்பு சேர்ந்துவிடுகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டு வாக்கியமும் ‘ஷி இஸ் எ ஸ்டூடன்ட்’ என்று ஒன்றாகிவிடும். வேறுபாட்டைக் காப்பாற்ற நினைப்பவர் ‘கரன்ட்லி’ என்றோ ‘ஸ்டில்’ என்றோ ஒரு சொல்லைத் தேடி வைப்பார். இரண்டுமே கொஞ்சம் கனம் கூடியவை. டாங் அவ்வளவு உரக்கப் பேசாது.

வெளியேறும் வரப்பு இல்லாத இடத்தில் டாங் நிற்காது என்பதை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். ஒரு மனிதனின் உயரத்தைப் பற்றி ‘அவன் டாங் உயரம்’ என்று சொன்னால் வியட்நாமியர் முகம் சுளிப்பார். வளர்ந்து நின்ற ஆள் நாளைக்குக் குள்ளமாகப் போவதில்லை. ‘ஆற்று நீர் டாங் உயரம்’ என்றால் யாருக்கும் உறுத்தாது; நீர் ஏறியிருக்கிறது, வடியும். அதே ‘உயரம்’ என்ற சொல்தான். ஒன்றில் டாங் பொருந்தவில்லை, இன்னொன்றில் பொருந்துகிறது. அறிவதைக் குறிக்கும் வினையோடும் டாங் சேராது. ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு அதிலிருந்து வெளியேறும் வரப்பு வழக்கமாக இருப்பதில்லை.

எதிர்மறையிலும் இதே கணக்கு. ‘நான் டாங் இல்லை காசு’ என்று பேச்சில் சொல்வார்கள். இல்லாமை என்பதே ஒரு காலப்பரப்பாகிவிடுகிறது. இப்போது கை வறண்டிருக்கிறது, சம்பளம் வந்தால் சரியாகிவிடும். இதைச் செயல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் டாங் அங்கே இயல்பாக நிற்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போய், வினையோ பண்போ இல்லாமல் வெறும் பெயர்ச்சொல்லின் முன்னாலும் டாங் வரும். ‘டாங் பருவம் அறுவடை’ என்றால் அறுவடைக் காலம் நடக்கிறது. ‘டாங் நேரம் பாடம்’ என்றால் வகுப்பு நடக்கும் நேரம். வளரும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது ‘டாங் வயது உண் வயது வளர்’ என்ற வழக்கு உண்டு. தட்டில் போட்டதையெல்லாம் காலிசெய்யும் பன்னிரண்டு வயதுப் பையனைப் பார்த்து எந்த வீட்டிலும் சொல்வது. ‘டாங் அமைதி டாங் நலம்’ என்று இன்னொரு வழக்கு. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு வம்பு வந்து சேர்ந்தது என்று அலுத்துக்கொள்ளும்போது வாக்கியத்தை இப்படித் தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘இங்’ வடிவம் எதுவும் உதவாது. முழுதாக ஒரு துணைவாக்கியம் எழுத வேண்டும்.

மறுபக்கம், ஆங்கிலத்தின் ‘இங்’ வரும் இடங்களில் டாங் வராமல் போவதும் உண்டு. ‘ஐ ஆம் லீவிங் டுமாரோ’ என்று ஆங்கிலத்தில் திட்டத்தைச் சொல்லலாம். வியட்நாமியத்தில் ‘நாளை நான் டாங் போ’ என்று அந்தப் பொருளில் சொல்ல முடியாது. வெறுமனே ‘நாளை நான் போ’ போதும். ஆனால் ‘நாளை இந்நேரம் நான் டாங் உட்கார் விமானம்’ என்று சொல்லலாம், ஏனென்றால் அந்த நேரத்தில் உட்கார்ந்திருத்தலின் நடுவில்தான் இருப்பேன். ஆங்கிலத்தில் முன்னது ‘ஆம் லீவிங்’, பின்னது ‘வில் பி சிட்டிங்’. டாங்கைக் கொண்டு ஆங்கில வடிவத்தையோ, ஆங்கில வடிவத்தைக் கொண்டு டாங்கையோ ஊகிக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டு வாக்கியங்களே போதும். இதில் பின்னதை ஆங்கிலத்துக்குச் சரிசமமாக ‘ஸே டாங்’ என்று இரட்டையாக எழுதுபவர்களும் உண்டு. அது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும் வியட்நாமியம்.

சாகும் நிலையில் இருப்பவரைப் பற்றி ஆங்கிலம் ‘டையிங்’ என்கிறது. வியட்நாமியத்தில் ‘சா’ என்ற வினையோடு டாங் எளிதில் ஒட்டாது. சாவு ஒரு கோடு; அதற்குள் நிற்க இடமில்லை. அங்கே ‘விரைவில்’ என்ற பொருளுள்ள ஸாப் என்ற வேறொரு சொல்லைப் போடுவார்கள், அல்லது இறுதி மூச்சு வாங்குவதைக் குறிக்கும் தனி வினையைத் தேர்ந்து அதற்கு டாங் சேர்ப்பார்கள். மழையைப் பொறுத்தவரை டாங் தேவைப்படுவதே குறைவு. சன்னலைத் திறந்து பார்த்தவர் ‘வானம் மழை’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். ஆங்கிலத்தில் அது ‘இட் இஸ் ரெய்னிங்’ ஆகியே தீரவேண்டும்.

டாவுக்கு வருவோம். அது இறந்தகாலம் என்று நம்பியவரை முதலில் குழப்புவது விடியல். ‘வானம் டா வெளிச்சம்’ என்றால் விடிந்துவிட்டது. இப்போது வெளிச்சமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இட் வாஸ் லைட்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். இட் இஸ் லைட் ஆல்ரெடி என்று நிகழ்காலத்தில்தான் எழுத வேண்டும். ‘நெல் டா பழு’ என்றால் நெல் முற்றி அறுவடைக்கு நிற்கிறது. ‘நான் டா அறி’ என்றால் எனக்கு ஏற்கெனவே தெரியும். சற்றுமுன் டாங்கை ஏற்க மறுத்த உயரமும் அறிதலும் டாவைத் தாராளமாக ஏற்றுக்கொள்கின்றன. நுழையும் வரப்பு எல்லாவற்றுக்கும் உண்டு. வெளியேறும் வரப்புதான் சிலவற்றுக்கு இல்லை.

எண்ணுக்கு முன்னாலும் டா வரும். ‘டா மூன்று மணி’ என்றால் மூன்று மணி ஆகிவிட்டது. எதிர்காலத்திலும் வரும். ‘நாளை இந்நேரம் அவர் டா சேர் ஹுவே’ என்றால் நாளை இந்நேரத்துக்குள் அவர் ஹுவே போய்ச் சேர்ந்திருப்பார். எல்லாவற்றையும்விட வியப்பானது, ஏவல் வாக்கியத்தின் கடைசியில் டா வந்து நிற்பது. ‘உண் டா’ என்றால் முதலில் சாப்பிடலாம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னும் நடக்காத ஒரு காரியத்தின் வாலில் ‘இறந்தகாலக் குறி’ ஏன் வரவேண்டும்? சாப்பாடு என்ற வரப்பைத் தாண்டிவிட்டு மேலே போவோம் என்று எடுத்துக்கொண்டால் புதிர் இல்லை. ஆங்கிலத்தில் இந்த டாவுக்கு ‘ஃபர்ஸ்ட்’ என்ற சொல்தான் கிடைக்கிறது.

டாவின் எதிர்மறையும் இதையே காட்டும். சாப்பிட்டாயா என்று கேட்கும்போது வியட்நாமியர் வினாவின் வாலில் ‘இன்னும் இல்லையா’ என்ற பொருளுள்ள சுவா என்ற சொல்லை வைப்பார்கள். பதில் ‘ஆயிற்று’ அல்லது ‘இன்னும் இல்லை’. சும்மா ‘இல்லை’ என்று சொன்னால் அது சாப்பிட மறுப்பதுபோல் ஒலிக்கும். திருமணமானவரா என்று கேட்டாலும் வழக்கமான பதில் ‘இன்னும் இல்லை’ தான். தாண்டியாயிற்று, தாண்டவில்லை என்ற இரண்டுக்குள் உலகத்தைப் பகுக்கும் சொல் டா. இறந்தகாலத்துக்கு இந்த ‘இன்னும்’ தேவைப்படாது.

ஸேயைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றில் ஆங்கிலத்தின் ‘வில்’ என்பதற்கு மிக அருகில் இருப்பது அதுதான். இருந்தாலும் ஒரு வேறுபாடு மொழிபெயர்ப்பில் தினமும் வந்துபோகும். ‘அவர் சொல் ஸே வா’ என்பது இறந்தகாலக் கதைக்குள் வந்தால் ஆங்கிலத்தில் ‘வில்’ தன் உருவை ‘வுட்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஸே மாறாது, வருகை அவர் சொன்ன கணத்துக்கு எதிரே இருந்தது, அது போதும். நாளை, அடுத்த வாரம் என்று நேரம் தெளிவாக இருந்தால் ஸேயை விட்டுவிடுவார்கள். விடாமல் சொன்னால் அதில் ஒரு வாக்குறுதியின் அழுத்தமோ, சற்றுத் தொலைவோ தொனிக்கும்.

இனி இவை மூன்றும் கலந்துவரும் ஒரு சின்னப் பத்தியை எடுத்துக்கொள்வோம். இது எந்த நூலிலிருந்தும் எடுத்ததில்லை; வழக்கமான கதை நடையில் அமைத்துக்கொண்டது. ‘நேற்று மாலை வானம் மழை. நான் டாங் ஆக்கு சோறு தீ அண்ணன் கூப்பிடு. அண்ணன் சொல் டா சேர் ரயில் நிலையம், ஸே வா நேரே வீடு. நான் பார் வெளியே. நீர் டா மூடு முற்றம். அம்மா டாங் நோய், படு உள்ளறை.’ இதில் வரும் ‘தீ’ ஒரு வியட்நாமிய இணைப்புச் சொல். முன்னே டாங் வந்து பின்னே தீ வந்தால், ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே வந்தது என்று பொருள்.

பத்து வினைகளும் நிலைகளும் இருக்கின்றன. டாங் இரண்டு முறை, டா இரண்டு முறை, ஸே ஒரு முறை. மீதி ஐந்தும் வெறுமை. ஆங்கிலத்தில் எழுதுபவர் முதலில் ‘நேற்று மாலை’ என்பதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் இறந்தகாலத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக. ஆக்குவது ‘வாஸ் குக்கிங்’, கூப்பிடுவது ‘கால்ட்’, சொல்வது ‘செட்’. ரயில் நிலையம் சேர்ந்தது ‘ஹேட் ரீச்ட்’, வருவது ‘வுட் கம்’. பார்ப்பது ‘லுக்ட்’. நீர் மூடியது ‘ஹேட் கவர்ட்’. அம்மாவின் நோய் டாங் பெற்றிருந்தும் ‘வாஸ் இல்’ என்று மொட்டையாக நிற்கும். டாங் இல்லாத படுத்தல் ‘லையிங்’ என்று ‘இங்’ பெறும். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். மூலத்தில் டாங் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘இங்’ இல்லை; மூலத்தில் இல்லாத இடத்தில் இருக்கிறது.

முதல் வாக்கியத்தின் மழையில் இன்னொரு சிக்கல். ‘இட் ரெய்ன்ட்’ என்றால் மழை பெய்து ஓய்ந்தது, அது ஒரு செய்தி. ‘இட் வாஸ் ரெய்னிங்’ என்றால் மழை பின்னணியாகி, அதன் முன்னால் மற்றவை நடக்கின்றன. மூலத்தில் ‘வானம் மழை’ இரண்டுக்கும் இடம் தருகிறது. முற்றத்தில் நீர் நிற்பதையும் சமையல் நடந்துகொண்டிருப்பதையும் படித்த பிறகுதான் பின்னதைத் தேர்வது நல்லது என்று தெரியும். அதாவது முதல் வாக்கியத்தை மொழிபெயர்க்க ஐந்தாவது வாக்கியம்வரை படித்திருக்க வேண்டும்.

இதே பத்தியை ஆங்கிலத்திலிருந்து வியட்நாமியத்துக்குக் கொண்டுபோகிறவர் எதிர்த் திசையில் தடுமாறுவார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினையும் இறந்தகாலம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டா போடத் தோன்றும். அண்ணன் டா கூப்பிடு, அண்ணன் டா சொல், நான் டா பார். வியட்நாமியக் காதில் இது எப்படி விழும் என்று தமிழில் உணர வேண்டுமானால், ‘அண்ணன் கூப்பிட்டுவிட்டார், சொல்லிவிட்டார், நான் வெளியே பார்த்துவிட்டேன்’ என்று ஒரு கதையைச் சொல்லிப் பார்க்கலாம். எதுவும் பிழையில்லை, ஆனால் யாரும் இப்படிக் கதை சொல்வதில்லை. அடுத்தடுத்து நடந்தவற்றைச் சொல்லும் வினைகள் வெறுமையாக ஓடவேண்டும். முற்றத்தில் நீர் ஏற்கெனவே ஏறியிருந்ததைப்போல ஒரு நிலை மாறிவிட்டதைச் சுட்டும் இடத்துக்காக டாவைச் சேமித்து வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பைத் திருத்துபவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, தேவையில்லாத டாக்களையும் டாங்குகளையும் அடிப்பது. அடித்த பிறகும் வாக்கியம் அதே பொருளோடு நின்றால் அடித்தது சரி. பொருள் சாய்ந்தால், அந்த டா அங்கே வேலை செய்துகொண்டிருந்தது என்று திரும்ப எழுதிவிட வேண்டியதுதான்.

முக்காலம் என்ற சட்டகம் இந்த மொழியின் மேல் எப்படி வந்து உட்கார்ந்தது? 1651இல் ரோமில் அச்சான அலெக்சாந்தர் தெ ரோட் பாதிரியாரின் வியட்நாமிய, போர்த்துக்கீசிய, லத்தீன் அகராதியோடு அம்மொழியின் சுருக்கமான இலக்கணம் ஒன்றும் லத்தீனில் சேர்ந்திருந்தது. லத்தீன் வினைத் திரிபுகளில் ஊறியவர் ஒருவர், திரிபே இல்லாத வினையைக் கண்டால் திரிபுகளுக்கு ஈடானவற்றைத் தேடுவது இயல்பு. பின்னர் பிரெஞ்சு ஆட்சி, பிரெஞ்சுப் பள்ளி. 1940இல் வெளிவந்து பரவலாகப் பயன்பட்ட ட்ரான் ட்ரோங் கிம்மின் வியட்நாமிய இலக்கண நூலும் பிரெஞ்சு இலக்கணத்தின் வார்ப்பில் எழுந்ததுதான். வியட்நாமியத்துக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு என்று காட்டவேண்டிய காலம் அது. ஆள்வோரின் மொழியில் மூன்று காலம் இருந்தால் நம் மொழியிலும் மூன்று இருக்க வேண்டும் என்று நினைத்ததைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தச் சட்டகத்தை வலுவாக எதிர்த்தவர் மொழியியலாளர் காவ் சுவான் ஹாவ். 1991இல் வந்த தன் செயல்பாட்டு இலக்கண நூலிலும், பிறகு எழுதிய கட்டுரைகளிலும், வியட்நாமிய மொழியில் காலம் என்ற இலக்கண வகையே கிடையாது என்று வாதிட்டார். டாவும் டாங்கும் வினையின் நிலையைக் காட்டுகின்றனவே ஒழிய நேரத்தைக் காட்டவில்லை என்பது அவர் நிலைப்பாடு. அவர் வெறும் ஏட்டு இலக்கணக்காரர் இல்லை. தோல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’ நாவலை வியட்நாமியத்துக்குக் கொண்டுவந்த குழுவில் ஒருவர். வினைதோறும் காலத்தையும் முற்று, முற்றாமையையும் குறித்தே தீரும் ரஷ்ய மொழியிலிருந்து எதையும் குறிக்கத் தேவையில்லாத தன் மொழிக்கு ஆயிரம் பக்கங்களுக்கு மேல் கடந்துவந்தவர்களில் ஒருவர். எந்த இடத்தில் டாவை விடலாம், எந்த இடத்தில் விடக்கூடாது என்பது அவருக்குக் கையால் தெரிந்த விஷயமாக இருந்திருக்கும்.

திராவிட மொழிகளைப் படித்தவர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரும் இந்தக் கதையில் உண்டு. 1930களின் நடுவில் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தவர், பின்னர் பர்ரோவோடு சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டவர், மர்ரே எமனோ. இரண்டாம் உலகப்போரின்போது பெர்க்லியில் படைவீரர்களுக்கு வியட்நாமியம் கற்பிக்கும் பணியில் இறங்கி, 1951இல் அம்மொழியின் இலக்கணத்தை நூலாகவே எழுதினார். விகுதிமேல் விகுதி ஏறும் தோட வினைகளைப் பிரித்துப் பார்த்துப் பழகிய அதே கை, பிரிக்க எதுவுமே இல்லாத வினைகளுக்கும் இலக்கணம் எழுதியிருக்கிறது. எங்கும் விகுதி இல்லையென்றால், சொல் நிற்கும் இடமே இலக்கணமாகிறது.

ஆங்கிலமும் டாங்கும் கச்சிதமாகப் பொருந்திப்போகும் ஓர் இடம் இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. கைபேசியில் ஒரு செய்தியை அனுப்பும்போது ஆங்கிலத் திரை ‘சென்டிங்’ என்று காட்டி, பிறகு ‘சென்ட்’ என்று மாறும். வியட்நாமியத் திரையில் அது ‘டாங் அனுப்பு’, பிறகு ‘டா அனுப்பு’. மறுமுனையில் படித்துவிட்டால் ‘டா பார்’. இங்கே மட்டும் ஏன் இத்தனை பொருத்தம்? திரையில் இடமில்லாததால் ஆங்கிலம் தன் ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ்’ எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுகிறது. காலத்தைச் சுமப்பவை அவைதான். அவை போனதும் மிஞ்சுவது நடுவில் இருக்கிறது, முடிந்துவிட்டது என்ற நிலை மட்டும். டாங்கும் டாவும் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான். செய்தியின் நிலைகளைக் காட்டும் இந்த வரிசையில் ஸேக்கு இடமில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இன்னும் அனுப்பாத செய்திக்கு நிலை எதுவும் கிடையாது. அரசியல் உரையில் ஒரே வரிசையில் நிற்கும் மூன்று சொற்களும் ஒரே இனம் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

காவ் சுவான் ஹாவின் வாதத்தை முழுதாக ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் சான்றும் இருக்கிறது. நேரத்தைச் சொல்லும் சொல் எதுவும் இல்லாமல் ஒரு செயல்வினைக்கு முன்னால் டா மட்டும் நின்றால், கேட்பவர் பெரும்பாலும் நடந்து முடிந்த ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார். செய்தி நடையில், பிரெஞ்சு, ஆங்கில மொழிபெயர்ப்புகளின் நெடுங்காலப் பழக்கத்தால், டா இறந்தகால விகுதியைப்போலவே புழங்குகிறது. நூறு ஆண்டு ஒரு சொல்லை ஒரே வேலைக்கு ஏவினால் அந்த வேலையை அது கற்றுக்கொள்ளும். டாங்குக்கு இது இன்னும் நேரவில்லை. செய்தித்தாளிலும் அது நேற்றைய வெள்ளத்தின் நடுவிலும் நாளைய விழாவின் நடுவிலும் ஒன்றுபோல நிற்கிறது.

ஆகவே மொழிபெயர்ப்பவர் அதிகம் தயங்கவேண்டியது டாங்கின் முன் இல்லை, அது எந்தக் காலத்தையும் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டவருக்கு. தயக்கம் டாவில்தான். ‘அவர் டா வாழ் ஹுவே பத்து ஆண்டு’ என்று ஒரு வரி வருகிறது. அவர் ஹுவேயில் பத்து ஆண்டு வாழ்ந்தார், பிறகு போய்விட்டார் என்றும் கொள்ளலாம்; பத்து ஆண்டாக அங்கே வாழ்ந்துவருகிறார் என்றும் கொள்ளலாம். தாண்டிய வரப்பு வாழ்க்கையின் முடிவா, பத்தாண்டு என்ற அளவா என்பதை வாக்கியம் சொல்லவில்லை. ‘அவர் டாங் வாழ் ஹுவே’ என்று எழுதியிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது. ஆங்கிலத்தில் ‘லிவ்ட்’ என்று எழுதினால் அவரை ஊரைவிட்டு அனுப்பியாயிற்று; ‘ஹேஸ் லிவ்ட்’ என்று எழுதினால் அங்கேயே குடிவைத்தாயிற்று. இரண்டுக்கும் நடுவே ஆங்கிலத்தில் இருக்கை இல்லை. பின்பக்கங்களைப் புரட்டி, அவர் ஹுவே வீட்டு வாசலில் யாரையாவது வரவேற்கிறாரா என்று தேட வேண்டும். அங்கும் விடை இல்லையென்றால் எழுதியவரிடமே கேட்க வேண்டியதுதான்.